‘இன்றே மாற்றம்’ காதில் ஏன் ‘இன்று ஏமாற்றம்’ ஆகிறது? வாசகத்தை அச்சடிக்கும் முன் செய்ய வேண்டிய 4 சோதனைகள்

இந்த வரியை முதலில் கண்ணால் மட்டும் படிங்க.

“இன்றே மாற்றம், என்றும் ஏற்றம்.”

நல்லாத்தானே இருக்கு? நாலே சொல். ‘இன்றே’வுக்கு ‘என்றும்’ எதுகை, ‘மாற்றம்’ என்பதற்கு ‘ஏற்றம்’ இயைபு. பேனரில் பெரிய எழுத்தில் போட்டால் அழகாக உட்காரும். வாட்ஸ்அப் குழுவில் டிசைனை அனுப்பினால் பத்து நிமிடத்தில் பத்துக் கட்டைவிரல் வந்துவிடும்.

இப்போது அதையே வாய்விட்டு, கொஞ்சம் வேகமாக, மைக்கில் சொல்வது போலச் சொல்லிப் பாருங்க. பக்கத்தில் இருப்பவரிடம் என்ன கேட்டது என்று கேளுங்க. அவர் “இன்று ஏமாற்றம்” என்று சொன்னால் அவர் காதில் கோளாறு எதுவும் இல்லை. நீங்க சொன்னதே அதுதான்.

வார்டு கூட்டம், பள்ளி ஆண்டு விழா, சங்கத்தின் விழிப்புணர்வு ஊர்வலம், புதிதாகத் திறக்கும் கடை என்று நம்மைச் சுற்றி வாரா வாரம் ஏதோ ஒரு வாசகம் பிறக்கிறது. பெரும்பாலும் அது போன் திரையில் பிறந்து, போன் திரையிலேயே ஒப்புதல் வாங்கி, நேராக அச்சகத்துக்குப் போகிறது. அதன்பின் அது வாழும் இடம் வேறு. ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி, குப்பை வண்டியின் ஸ்பீக்கர், ஊர்வலத்தில் கத்தும் பிள்ளைகளின் வாய். அங்கே எழுத்து கிடையாது, இடைவெளி கிடையாது, காற்புள்ளி கிடையாது. கண்ணால் ஒப்புதல் கொடுத்த ஒன்றைக் காதுக்கு அனுப்புகிறோம். பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் நிலைப்பாடு எளிமையானது: எந்த வாசகத்துக்கும் கடைசி ஒப்புதல் காதுதான் தர வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. நாலு சோதனை, அரை நாள், ஒரு போன் போதும்.

தப்பு யாருடையது?

‘இன்று’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஏமாற்றம்’ வந்தால் என்ன ஆகும்? பள்ளியில் படித்த குற்றியலுகரம் ஞாபகம் இருக்கா? ‘இன்று’வின் கடைசி உகரம் போய்விடும். மிஞ்சும் ‘ற்’ அடுத்த ‘ஏ’வோடு சேர்ந்து ‘றே’ ஆகும். இன்று + ஏமாற்றம் = இன்றேமாற்றம். இந்தப் பக்கம் ‘இன்றே மாற்றம்’ என்பதில் இருக்கும் இடைவெளியை எடுத்துவிட்டாலும் அதே ‘இன்றேமாற்றம்’தான். ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. இரண்டையும் பிரித்து வைத்திருந்தது அந்தச் சின்ன இடைவெளி மட்டுமே. அதைக் கண் பார்க்கும், காது பார்க்காது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்களே இதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறார்கள்: ‘செம்பொன்பதின்தொடி’. தொடி என்பது பழைய நிறுத்தல் அளவு. ‘செம்பொன், பதின்தொடி’ என்று நிறுத்தினால் பத்துத் தொடி தங்கம். ‘செம்பு, ஒன்பதின்தொடி’ என்று நிறுத்தினால் ஒன்பது தொடி செம்பு. எழுத்து ஒன்றே; எங்கே நிறுத்திச் சொல்கிறோம் என்பதை வைத்துத்தான் பொருள் தெரியும். தங்கம் செம்பாவதற்கு அரை நொடி நிறுத்தம் இடம் மாறினால் போதும்.

எதுகை மோனை பார்த்து எழுதும் வாசகத்துக்கு இந்த ஆபத்து இன்னும் கொஞ்சம் அதிகம். இரண்டு காரணம். ஒன்று, ஓசைக்காகச் சொல்லைச் சுருக்குகிறோம்; ‘இன்று முதல் ஒரு மாற்றம்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. இரண்டு, ஓசை ஒன்றும் சொற்கள் காதில் கூட்டமாகத்தான் வரும். ‘மாற்றம், ஏற்றம்’ என்று கேட்கும் காது அடுத்து ‘ஏமாற்றம்’, ‘விலையேற்றம்’ இரண்டையும் தானே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. கடைத் திறப்பு விழாவில் “என்றும் ஏற்றம்” என்று அறிவித்தால், ‘எதுக்கு ஏற்றம், விலைக்கா?’ என்று வரிசையில் நிற்பவர் கேட்பார். சிரிப்புக்குத்தான் கேட்பார். ஆனால் உங்க வாசகத்தைவிட அந்தக் கேள்விதான் அடுத்த தெருவுக்குப் போகும்.

சோதனை 1: இடைவெளியை அழித்துவிட்டுத் திரும்பப் பிரிப்பது

இதைத் தனியாகவே செய்யலாம். வாசகத்தை இடைவெளி, காற்புள்ளி எதுவும் இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுங்க. பிறகு அதை எத்தனை விதமாகப் பிரிக்க முடியுமோ அத்தனை விதமாகப் பிரித்துப் பாருங்க. முக்கியமாக இரண்டு இடங்களைக் கவனிக்கணும். ஒரு சொல் ‘ஏ’ அல்லது ‘ஆ’வில் முடிந்தால், அந்த ஒலி அடுத்த சொல்லின் தலையில் போய் ஒட்டிக்கொள்கிறதா? ஒரு சொல் ‘ம்’ அல்லது ‘ன்’னில் முடிந்து அடுத்த சொல்லும் அதே எழுத்தில் தொடங்கினால், ஒன்று கரைந்துபோகிறதா?

‘மாற்றம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, அதற்கு முன்னால் ‘ஏ’வில் முடியும் எந்தச் சொல் வந்தாலும் சிக்கல்தான். ‘நமதே மாற்றம்’ என்பது ‘நமது ஏமாற்றம்’. ‘இதுவே மாற்றம்’ என்பதை வேகமாகச் சொன்னால் ‘இது ஏமாற்றம்’ என்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும். இதற்குத் தீர்வு குரலை மாற்றுவது இல்லை, முதல் சொல்லை மாற்றுவது. ‘இனி மாற்றம், என்றும் ஏற்றம்’ என்றால் எங்கே வெட்டினாலும் ‘ஏமாற்றம்’ வராது. ‘இன்றே - என்றும்’ என்ற எதுகை போய்விடும், உண்மைதான். இ, எ என்ற மோனை மட்டும் மிஞ்சும். ஓசையில் ஒரு படி இறங்கிப் பொருளைக் காப்பாற்றுகிறோம். இந்தப் பேரத்துக்குத் தயாராக இல்லாதவர் வாசகம் எழுதும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது.

சோதனை 2: பேச்சு வாயில் போட்டுப் பார்ப்பது

நாம் எழுதுவது ஒரு தமிழ், சொல்வது இன்னொரு தமிழ். வாசகம் ஒன்றில் எழுதப்பட்டு மற்றொன்றில் சொல்லப்படும்போது இரண்டு விதமான சேதம் வரலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகையில் பொருள் பிழைத்துக்கொள்ளும், ஓசை சாகும். “தடைகளைத் தாண்டும், துணிவு வேண்டும்” என்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு ‘தாண்டும் - வேண்டும்’ கச்சிதம். ஆனால் தெருவில் யாரும் ‘வேண்டும்’ என்று சொல்வதில்லை, ‘வேணும்’தான். ‘தாண்டும்’ மட்டும் தாண்டுமாகவே நிற்கும். இரண்டும் இப்போது ஒட்டவில்லை. ‘சுற்றி - வெற்றி’யும் அப்படித்தான். ‘சுற்றி’ பேச்சில் ‘சுத்தி’ ஆகிறது. ‘வெற்றி’ பெரும்பாலும் மாறுவதில்லை. ஊர்வலத்தில் பாதிப் பேர் எழுதியபடியும் பாதிப் பேர் வாய்க்கு வந்தபடியும் சொல்ல, நடுவில் ஒரு இரைச்சல்தான் கேட்கும்.

இரண்டாவது வகைதான் ஆபத்தானது. ஓசை அப்படியே இருக்கும், பொருள் செத்துப்போயிருக்கும். ஒரு கிளினிக்குக்கு இப்படி ஒரு வாசகம்: “அன்பே எங்கள் மொழி, உங்கள் நலமே எங்கள் வழி.” மொழி, வழி, எதுகை பிரமாதம். ஆனால் ‘ழ’வை ‘ல’வுக்குப் பக்கத்தில் சொல்லும் வாய்கள் நம் ஊரில் கோடிக்கணக்கில் உண்டு. அந்த வாயில் இது, “உங்கள் நலமே எங்கள் வலி.” நோயாளி குணமாவது மருத்துவமனைக்கு வலிக்கிறது! ஓசை கெடாததால் சொல்பவருக்கே ஏதும் உறுத்தாது. அதனால்தான் இந்தப் பிழை கடைசிவரை பிடிபடாமல் தப்பிக்கிறது.

‘உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளட்டும்’ என்று இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. அது தமிழ் வகுப்பில் சரி. ஆட்டோ அறிவிப்பாளரின் ‘ழ’வை நம்பி ஒரு வாசகத்தின் பொருளைத் தொங்கவிடுவது எழுதியவரின் தப்பு. ழ, ள, ல மூன்றும் ஒன்றானாலும், ர, ற இரண்டும் ஒன்றானாலும், கடைசி ‘ம்’ மூக்கில் கரைந்தாலும் பொருள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே விடணும்.

இதைச் சரியாகச் செய்த வாசகம் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இயக்கத்தின் பெயர் ‘மீண்டும் மஞ்சப்பை’. ‘மஞ்சள் பை’ என்று எழுதவில்லை என்பதைக் கவனிங்க. கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுப்பதை எல்லோரும் மஞ்சப்பை என்றுதான் சொல்வோம். அதையே எழுத்திலும் வைத்துவிட்டார்கள். எழுதுவதும் சொல்வதும் ஒன்று, உடைவதற்கு ஏதுமில்லை. நடுவில் இரண்டு ‘ம’ சந்திக்கின்றன. வேகத்தில் ஒன்று கரைந்து ‘மீண்டு மஞ்சப்பை’ என்று கேட்டாலும், மஞ்சப்பை மீண்டு வருகிறது என்றுதான் தோன்றும். கெட்டுப்போனாலும் நல்ல பக்கமாகவே சாய்கிறது.

சோதனை 3: பார்க்காதவரை எழுதச் சொல்வது

எழுதியவர் காது கெட்டுப்போன காது. அதில் என்ன விழ வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரியும். அதனால் மூன்றாவது சோதனைக்கு வாசகத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் வேண்டும்.

முறை இதுதான். ஒருவர் போனில் வாசகத்தைச் சாதாரண வேகத்தில் இரண்டு முறை சொல்கிறார். வீடியோ கால் வேண்டாம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். மறுமுனையில் இருப்பவர் காதில் விழுந்ததை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறார். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்கவே கூடாது. கேட்டால் ‘சூப்பர்’ என்பார்கள், நம் மக்கள் அவ்வளவு நல்லவர்கள். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. என்ன கேட்டது, எழுதுங்க. இதை யார் யாருக்குச் சொல்வதாகத் தோன்றுகிறது?

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. ஒரே அலுவலகத்தில் ஐந்து பேர் ஐந்து பேர் இல்லை, ஒருவர்தான். நெல்லைக்காரர் ஒருவர், கோவைக்காரர் ஒருவர், வடசென்னையில் வளர்ந்தவர் ஒருவர், அறுபது வயது தாண்டியவர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் பையனோ பெண்ணோ ஒருவர் என்று பிரித்து எடுக்கணும். கல்லூரி ஆள் எதற்கு? உங்களுக்குத் தெரியாத ரெட்டை அர்த்தம் அவருக்குத் தெரியும். அவர் எழுதுவதற்கு முன் சிரித்தால், ஏன் என்று விசாரித்துவிட்டு வாசகத்தைக் கிழித்துப் போடலாம்.

இதை எதிர்த்திசையிலும் ஒருமுறை செய்யணும். எழுதியதை ஒருவர் கையில் கொடுத்து, ஒத்திகை இல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்வது. தமிழ் எழுத்தில் ஒரே ‘ப’தான் ‘ப’வுக்கும் வடமொழி ‘ப’வுக்கும். ஒரு நடனப் பள்ளி, முகத்தில் காட்டும் பாவத்தை மனதில் வைத்து “பாவம் நம் பாரம்பரியம்” என்று எழுதினால், எழுதியவர் மனதில் ஒலிப்பது ஒன்று. முதல்முறை படிப்பவர் சொல்வது “ஐயோ பாவம், நம் பாரம்பரியம்.” அறிவிப்பாளரும் முதல்முறை படிப்பவர்தான், அவர் கையில் தாளைக் கொடுத்துவிட்டு நீங்க வீட்டுக்கு வந்துவிடுவீங்க.

சோதனை 4: சுற்றவிட்டுப் பார்ப்பது

வாசகத்தை யாரும் ஒருமுறை சொல்லி நிறுத்துவதில்லை. திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அப்போது கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் முதல் சொல் வந்து உட்காரும். வால்மீகி ‘மரா மரா’ என்று சொல்லச் சொல்ல அது ‘ராம ராம’ ஆன கதை எல்லோருக்கும் தெரியும். வாசகத்துக்கும் அதே கதைதான், ஆனால் எல்லா நேரமும் ராமர் வருவதில்லை.

மதுவிலக்கு ஊர்வலத்துக்காக எழுதிய வாசகம் என்று இதை வைத்துக்கொள்வோம்: “மது விடு, மனை நாடு.” சுருக்கம், மோனை, கட்டளை, எல்லாம் உண்டு. இப்போது நிறுத்தாமல் நாலு முறை சொல்லுங்க. மது விடு மனை நாடு மது விடு மனை நாடு... ஊர்வலத்தின் பின்வரிசையில் இருப்பவர் நடுவில்தான் சேர்ந்துகொள்வார். அவர் மூச்சு விடும் இடம் ஒரு சொல் தள்ளிப்போனால் என்ன ஆகும்? “விடு மனை, நாடு மது.” வீட்டை விடு, மதுவைத் தேடு! ஒரு சொல்லும் மாறவில்லை. யாரும் கேலி செய்யவும் இல்லை. தொடக்கப் புள்ளி மட்டும் நகர்ந்தது.

தமிழில் ‘மது விடு’ என்றும் சொல்லலாம், ‘விடு மது’ என்றும் சொல்லலாம். வேற்றுமை உருபை வெட்டிவிட்ட வாசகத்தில் எது எதோடு சேரும் என்பதற்குப் பூட்டே கிடையாது. அதனால் இரண்டு ஜோடிகளாக வரும் எந்த வாசகத்தையும் சுற்றவிட்டு, ஒவ்வொரு சொல்லிலிருந்தும் தொடங்கிப் படித்துப் பார்க்கணும். நாலு சொல் என்றால் நாலு தொடக்கம். ஒரு நிமிட வேலை.

இதில் முழு மதிப்பெண் வாங்கும் வாசகம் ஒன்று ஊரெங்கும் சுவர்களில் இருக்கிறது: ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’. முன்னால் இருந்து படிங்க, பின்னால் இருந்து படிங்க, நடுவில் சேருங்க. ‘உயிர்க்கவசம் தலைக்கவசம்’ என்றாலும் சொல்ல வந்தது அதேதான். ‘க்’ விழுந்து ‘தலை கவசம்’ என்று கேட்டாலும் ஹெல்மெட்தான் ஞாபகம் வரும்.

ஒரு குப்பை வண்டிக்காக நாங்க எழுதியது

முறையைச் சொல்வது சுலபம், செய்து பார்த்தால்தான் தெரியும். அதனால் டெஸ்க்கில் ஒரு பயிற்சி வைத்துக்கொண்டோம். தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியின் ஸ்பீக்கருக்கு, குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் ஒரு வாசகம். மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி என்று வைத்துக்கொண்டோம். உங்க ஊரில் நிறம் வேறாக இருக்கலாம்.

முதலில் வந்ததுதான் அந்த ‘இன்றே மாற்றம், என்றும் ஏற்றம்’. அது முதல் சோதனையிலேயே விழுந்தது. அதைத் திருத்தும்போதுதான் வேறொன்றும் தெரிந்தது. இந்த வாசகத்தில் குப்பை எங்கே? சிட் பண்டு கம்பெனிக்கும் இதையே கொடுக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்பதையே நேராகச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்து வந்தது: “மக்கும் குப்பை பச்சையில, மத்த குப்பை நீலத்துல.” பேச்சுத் தமிழ், ‘ம’வுக்கு ‘ம’ மோனை, கடைசியில் ‘ல’ இயைபு. இடைவெளியை அழித்துப் பார்த்தோம், பிழைத்தது. போனில் சொல்லி எழுதச் சொன்னோம், நாலு பேரும் சரியாக எழுதினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். கடைசியாகச் சுற்றவிட்டோம். வண்டி தெருமுனையில் திரும்பும்போது உங்க காதில் விழத் தொடங்குவது இரண்டாவது சொல்ஜோடியில் இருந்து என்றால்? “பச்சையில மத்த குப்பை, நீலத்துல மக்கும் குப்பை.” அச்சு அசலாகத் தலைகீழ். வீட்டில் இருப்பவர் கேட்டபடியே கடமை தவறாமல் செய்தால், காய்த்தோல் நீலத்தில், பால் கவர் பச்சையில். வாசகம் இல்லாமலே இருந்திருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு சகா, கேள்வி பதிலாக வைத்தால் ஜோடி பிரியாது என்றார். நல்ல யோசனை. “மக்குமா? பச்சை! மக்காதா? நீலம்!” கேள்வியில் குரல் ஏறும், பதிலில் இறங்கும், எது எதோடு என்பது குரலிலேயே தெரியும். உற்சாகமாக அவர் தன் அம்மாவுக்கே போன் போட்டார். அம்மா கேட்டார்: “ஏன்ப்பா, யாரை மக்கும்மான்னு திட்டுறீங்க?”

அவ்வளவுதான். ‘மக்கு’ என்பதற்கு ‘மண்டு’ என்றும் பொருள் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாததில்லை. குப்பையையே நினைத்துக்கொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை. காலை ஏழு மணிக்குக் குப்பைக் கூடையோடு வாசலுக்கு வரும் பெண்மணியைப் பார்த்து, ‘மக்கும்மா!’ என்று ஸ்பீக்கரில் கத்தியிருப்போம்.

கடைசியில் நின்றது இது: “காய்த்தோலைப் பச்சையில போடுங்க, காலிக் கவரை நீலத்துல போடுங்க.” ‘மக்கும்’, ‘மக்காத’ இரண்டையும் தூக்கிவிட்டு, கையில் இருக்கும் பொருளின் பெயரையே வைத்தோம். ‘கா’வுக்கு ‘கா’ மோனை இருக்கிறது, ‘போடுங்க’ என்ற முடிவு இருக்கிறது. ‘ஐ’ உருபைச் சேர்த்ததால் எதைப் போடுவது என்பது தெளிவு. ‘போடுங்க’ என்றதும் வாக்கியம் முடிந்துவிட்டது என்று காதுக்கே தெரியும், அங்கேதான் மூச்சு நிற்கும். இருந்தாலும் ‘போடுங்க காலிக் கவரை’ என்று ஒட்டிக் கேட்க ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. அதற்காக முதல் பாதியை ஒரு பெண் குரலும் அடுத்த பாதியை ஓர் ஆண் குரலும் சொல்வது, நடுவில் ஒரு நொடி இடைவெளி விடுவது என்று வைத்தோம். குரல் மாறும் இடம்தான் இப்போது காற்புள்ளி.

முதல் வாசகத்தைவிட இது அழகு குறைவு. போஸ்டரில் போட்டால் நீளமாக இருக்கும். ஆனால் பாதியில் இருந்து கேட்டாலும் யாரும் தப்பான தொட்டியைத் திறக்க மாட்டார்கள்.

எதுவரை சோதிப்பது?

எந்த வாக்கியத்தையும் யாராவது ஒருவர் எப்படியாவது தப்பாகக் கேட்கத்தான் செய்வார். மீம் போடுபவர்கள் வேண்டுமென்றே திரிப்பது வேறு. அதை எந்தச் சோதனையும் தடுக்காது, தடுக்கவும் தேவையில்லை. நாம் தேடுவது யாரும் திரிக்காமலே தானாகத் திரும்புவதை.

அதற்கு நாங்க வைத்துக்கொண்ட அளவுகோல் இரண்டு. தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே தப்பை எழுதினால் வாசகத்தை மாற்றணும். ஒருவர் மட்டும் எழுதினால் அது லைன் கோளாறாக இருக்கலாம். ஆனால் அந்தத் தப்பு, சொல்ல வந்ததற்கு நேர் எதிராகவோ கேட்பவரைத் திட்டுவதாகவோ இருந்தால் ஒருவர் எழுதியதே போதும், இரண்டாமவருக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த அம்மா ஒருவர்தான். அவர் ஒருவர் போதும்.

இன்னொரு வரம்பும் உண்டு. போனில் தெளிவாகக் கேட்டது, சந்தில் எதிரொலிக்கும் ஸ்பீக்கரில் கேட்காமல் போகலாம். அங்கே முதலில் அடிபடுவது மெய்யெழுத்துகள். மிஞ்சுவது உயிரின் இழுவை. ‘வேணும்’, ‘வேணாம்’ இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர்தான் வித்தியாசம். அதனால் எதிர்மறையில் முடியும் வாசகத்தை மட்டும், வாய்ப்பு இருந்தால், அசல் வண்டியிலேயே போட்டுத் தெருக்கோடியில் நின்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. அதுவும் முடியவில்லை என்றால், ‘குடிக்க வேணாம்’ என்பதைவிடக் ‘குடியை நிறுத்து’ என்பது பாதுகாப்பு. பாதி காதில் விழாவிட்டாலும் எதிர்ப்பொருள் வராது.

செலவைச் சொல்கிறேன் என்றேன். ஐந்து போன் கால், ஐந்து தாள், ஒரு நிமிடச் சுற்று. இதை அச்சகத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முந்தின நாள் செய்யணும். அடுத்த நாள் செய்தால் ஃபிளெக்ஸ் காசு போச்சு. காசைவிட இன்னொன்றும் போகும். எழுத்துப் படிக்கத் தெரியாதவர், கண் தெரியாதவர், சமையலறையில் கை ஈரமாக நிற்பவர் என்று, வாசகத்தைக் கேட்க மட்டுமே முடிந்தவர்களுக்கு அந்தப் போஸ்டரின் அழகான இடைவெளி எந்த வகையிலும் உதவாது. அவர்களிடம் போய்ச் சேர்வது நீங்க எழுதியது இல்லை, காற்றில் வந்தது மட்டும்தான்.

அடுத்த முறை குழுவில் ஒரு வாசகம் டிசைனோடு வந்தால், கட்டைவிரலைத் தூக்குவதற்கு முன் ஒரு பதில் போடுங்க: “வாய்ஸ் நோட் அனுப்புங்க.”